லைசென்ஸின் இரண்டு பக்கத்தையும் ஒரே தாளில், அதே அளவில் காப்பி எடுப்பது எப்படி?

கேள்வி: வீட்டுக்கு காப்பி எடுக்கற லேசர் பிரிண்டர் வாங்கியிருக்கேன். லைசென்ஸ் முன்பக்கம், பின்பக்கம் ரெண்டும் ஒரே பேப்பர்ல வேணும். சாதாரணமா எடுத்தா ரெண்டு பேப்பர்ல வருது. 2 in 1 போட்டா கார்டு சின்னதாயிடுது. ஒரு தடவை ஓரமும் வெட்டுப்பட்டு வந்துச்சு. ஜெராக்ஸ் கடையில மட்டும் எப்படி கரெக்டா வருது, எந்த செட்டிங்?

பதில்:

நீங்கள் போட்டுப் பார்த்த 2 in 1 வேறு, உங்களுக்கு வேண்டியது வேறு. கடைக்காரர்கள் அழுத்துவது ஐடி காப்பி என்கிற தனி பட்டன். இரண்டும் ஒரே தாளில் இரண்டு படம் தருகின்றன என்பதால் பலர் ஒன்றென்று நினைத்துக்கொள்கிறார்கள், ஆனால் உள்ளே நடக்கும் வேலையே வேறு. அது புரிந்துவிட்டால் நீங்கள் சொன்ன முதல் இரண்டு பிரச்சினைக்கும் காரணம் தானாகத் தெரிந்துவிடும்.

2 in 1 என்பது பக்கம் பக்கமாக இருக்கும் நோட்ஸ், புத்தகம் மாதிரியானவற்றுக்காக வந்தது. இரண்டு முழு ஏ4 பக்கத்தை ஒரே ஏ4 தாளில் அடக்க வேண்டும் என்றால் ஒவ்வொன்றையும் ஏறக்குறைய 70 சதவீதத்துக்குச் சுருக்கியே ஆக வேண்டும். நீங்கள் கண்ணாடியில் வைத்தது சின்ன கார்டு என்பது மெஷினுக்குத் தெரியாது. ஒரு முழு ஏ4 பக்கம், அதன் மூலையில் ஏதோ சின்னதாக அச்சாகியிருக்கிறது என்றுதான் அது எடுத்துக்கொள்ளும். மொத்தப் பக்கத்தையும் சுருக்கும்போது கார்டும் சேர்ந்து சுருங்குகிறது.

ஐடி காப்பியில் சுருக்கும் வேலையே இல்லை. மெஷின் கண்ணாடியில் பாதியை மட்டும், அதாவது ஏ4 அளவில் பாதியை மட்டும் படிக்கிறது. படித்ததை அச்சடிக்காமல் நினைவில் வைத்துக்கொண்டு, கார்டைத் திருப்பி வை என்று காத்திருக்கிறது. நீங்கள் திருப்பி வைத்து மறுபடி ஸ்டார்ட் அழுத்தினால் அதே பாதியை இன்னொரு தடவை படித்து, முதலில் எடுத்ததைத் தாளின் ஒரு பாதியிலும் இரண்டாவதை மறு பாதியிலும் போட்டு ஒரே தாளாக வெளியே தள்ளும். இரண்டுமே 100 சதவீத அளவில்.

லைசென்ஸ், பான் கார்டு, பிளாஸ்டிக் ஆதார் கார்டு, ஏடிஎம் கார்டு எல்லாம் ஒரே சர்வதேச அளவுதான்: நீளம் 85.6 மில்லிமீட்டர், அகலம் ஏறக்குறைய 54 மில்லிமீட்டர். ஏ4 தாள் 210க்கு 297. அதில் பாதி 210க்கு 148.5. இவ்வளவு இடத்தில் அந்தக் கார்டு எந்தப் பக்கமாகக் கிடந்தாலும் தாராளமாக அடங்கிவிடும், சுருக்க வேண்டிய அவசியமே இல்லை. வந்த காப்பி சரியான அளவா என்று பார்க்க ஸ்கேல்கூட வேண்டாம், கார்டையே அந்தப் படத்தின் மேல் வைத்துப் பாருங்கள். ஓரத்தோடு ஓரம் பொருந்தினால் ஐடி காப்பிதான் நடந்திருக்கிறது. படத்தின் நீளம் 6 சென்டிமீட்டர் அளவுக்கு இருந்தால் மறுபடி 2 in 1 போட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம்.

இப்போது பட்டன். ஒவ்வொரு கம்பெனியும் ஒரு பெயர் வைத்திருக்கிறது. நம் ஊரில் நிறைய பேர் வைத்திருக்கும் கேனன் MF3010 மாதிரி மெஷினில் ID Card Copy என்று தனி பட்டனே இருக்கும், பக்கத்திலேயே Paper Save Copy என்று இன்னொன்றும் இருக்கும். அந்த இரண்டாவதுதான் சுருக்குகிற ஆசாமி, அதைத் தொடாதீர்கள். எச்பி மெஷின்களில் சின்னத் திரை இருந்தால் காப்பி மெனுவுக்குள் ID Copy என்று தேடுங்கள். பிரதரில்தான் கொஞ்சம் குழப்பம், அவர்கள் இதற்கு 2 in 1 (ID) என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அங்கே வெறும் 2 in 1 என்று இருப்பது ஒன்று, ID சேர்ந்திருப்பது வேறொன்று. ID என்ற எழுத்து இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். எழுத்தே இல்லாமல் படம் மட்டும் போட்ட மெஷின் என்றால், ஒரு தாளுக்குள் இரண்டு சின்னக் கார்டு, அல்லது கார்டில் ஒரு ஆள் முகம் வரைந்திருக்கும் பட்டன்தான் பெரும்பாலும் அது.

பட்டனை அழுத்துவதற்கு முன்னால் இரண்டு விஷயம் சரிபார்த்துவிடுங்கள். மேலே தாள் இழுக்கும் ஃபீடர் இருக்கிற மெஷின் என்றால் அதில் ஒரு தாளும் இருக்கக் கூடாது, ஐடி காப்பி கண்ணாடியிலிருந்துதான் வேலை செய்யும். இரண்டாவது, எத்தனை காப்பி வேண்டுமோ அந்த எண்ணிக்கையை முதல் ஸ்டார்ட்டுக்கு முன்பே போட்டுவிடுங்கள். பாதியில் மாற்றப் போனால் சில மெஷின் முதல் பக்கத்தை மறந்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

அடுத்தது கார்டை எங்கே வைப்பது. ஓரம் வெட்டுப்பட்டதற்குக் காரணம் அநேகமாக நீங்கள் கார்டைக் கண்ணாடியின் மூலையில் நன்றாக முட்டி வைத்ததுதான். ஏ4 தாளை அப்படித்தான் வைக்கச் சொல்வார்கள், அதனால் கை தானாக அப்படியே செய்யும். ஆனால் இந்த வகை மெஷின்கள் ஓரத்தில் ஏறக்குறைய 4, 5 மில்லிமீட்டரை விட்டுவிடும், தாளிலும் அவ்வளவு ஓரத்தில் அச்சடிக்காது. முழுப் பக்கம் என்றால் அங்கே வெறும் மார்ஜின்தான் இருக்கும், யாரும் கவனிப்பதில்லை. கார்டுக்கு மார்ஜினே கிடையாது. அதன் முதல் 4 மில்லிமீட்டரிலேயே எழுத்தோ சின்னமோ இருக்கும், அது போய்விடுகிறது. அதனால் கண்ணாடியின் இரண்டு ஓரத்திலிருந்தும் ஒரு விரல் அகலம் தள்ளி வையுங்கள், போதும்.

அதற்காக ரொம்ப தூரமும் தள்ளிவிடக் கூடாது. மெஷின் பாதியைத்தான் படிக்கிறது என்று சொன்னேன் இல்லையா, கார்டு மறு பாதிக்குப் போய்விட்டால் தாளில் அந்த இடம் வெள்ளையாக வரும், நடுக்கோட்டில் கிடந்தால் பாதிக் கார்டு வரும். எந்தப் பாதி என்பதற்குக் கண்ணாடியின் ஓரத்தில் அம்புக்குறியோ மூலைக் குறியோ போட்டிருப்பார்கள். அந்தக் குறி இருக்கும் பக்கத்துப் பாதிதான்.

கடையில் எடுத்த மாதிரி இரண்டு படமும் தாளின் நடுவில் அழகாக நிற்க வேண்டும் என்றால் இப்படிக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டு மெஷின்களில் பெரும்பாலும் கண்ணாடியின் நீளப் பக்கம் நமக்கு இடம் வலமாக இருக்கும். அதாவது படிக்கப்படும் பாதி, இடம் வலமாக 148.5 மில்லிமீட்டர், முன்பின்னாக 210 மில்லிமீட்டர். தாளை நிமிர்த்திப் பிடித்துப் படிக்கும்போது கார்டும் நேராகத் தெரிய வேண்டும் என்றால், கார்டின் நீளப் பக்கம் அந்த 210 மில்லிமீட்டர் பக்கத்தோடு போக வேண்டும். அப்படியானால் மீதி இடம் 210இல் 85.6 கழித்தால் 124 சொச்சம், அதில் பாதி 62. இன்னொரு பக்கம் 148.5இல் 54 கழித்தால் 94.5, அதில் பாதி 47. எனவே குறி இருக்கும் மூலையிலிருந்து முன்பின்னாக 6.2 சென்டிமீட்டர், இடம் வலமாக 4.7 சென்டிமீட்டர் தள்ளி வைத்தால் முன்பக்கம் மேல் பாதியின் நடுவிலும், பின்பக்கம் கீழ்ப் பாதியின் நடுவிலும் வந்து உட்காரும். இரண்டுக்கும் இடையில் ஒன்பதரை சென்டிமீட்டர் வெற்றிடம் கிடைக்கும், கையெழுத்துப் போட்டு தேதி எழுத அது ரொம்ப வசதி. மூலையை ஒட்டி வைத்தால் படங்களும் தாளின் ஓரத்தை ஒட்டித்தான் வரும். அது தப்பில்லை, ஆனால் ஃபைலில் பஞ்ச் போடும்போது ஓட்டை சரியாக முகத்தில் விழும்.

இவ்வளவு அளப்பது யாருக்குப் பொறுமை என்றால், ஒரு ஏ4 தாளை எடுத்து பாதியாக வெட்டி, நடுவில் கார்டு அளவுக்கு ஒரு ஜன்னல் வெட்டிக்கொள்ளுங்கள். தாளை மூலையில் முட்டி வைத்து ஜன்னலுக்குள் கார்டைப் போட்டால் இரண்டு பக்கமும் அச்சு மாறாமல் ஒரே இடத்தில் வரும். வெள்ளைத் தாள் என்பதால் காப்பியிலும் தெரியாது, ஜன்னல் ஓரத்தில் மெல்லிய கோடு விழுந்தால் மட்டும் கருமையை ஒரு படி குறைத்துக்கொள்ளுங்கள்.

திருப்பும்போது ஒரு கவனம் வேண்டும். முன்பக்கம் எடுத்த பிறகு கார்டை எடுத்து, புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டுகிற மாதிரி, எழுத்தின் தலைப்பக்கம் இருந்த திசையிலேயே இருக்கும்படி திருப்பி அதே இடத்தில் வையுங்கள். மேலிருந்து கீழாகக் கவிழ்த்தால் பின்பக்கம் தலைகீழாக வரும். வாங்குகிற இடத்தில் அதைத் தப்பென்று சொல்ல மாட்டார்கள், ஆனால் படிக்கிறவர் தாளைச் சுற்றிச் சுற்றிப் பார்க்க வேண்டியிருக்கும். அதேபோல இரண்டு படமுமே தாளில் படுத்தவாக்கில் வந்தால் செட்டிங்கைத் தேடி அலையாதீர்கள், கண்ணாடியில் கார்டை கால் சுற்று திருப்பி வைத்தால் சரியாகிவிடும்.

முதல் ஸ்டார்ட்டுக்கும் இரண்டாவது ஸ்டார்ட்டுக்கும் நடுவில் போன் பேசப் போய்விடாதீர்கள். மெஷின் கொஞ்ச நேரம்தான் காத்திருக்கும், அப்புறம் பழைய நிலைக்குப் போய்விடும். நீங்கள் திரும்பி வந்து ஸ்டார்ட் அழுத்தினால் அது சாதாரண காப்பியாக எடுத்து, பின்பக்கம் மட்டும் உள்ள ஒரு தாளைக் கொடுக்கும். ஐடி காப்பி அழுத்தியும் தனித்தனித் தாளாக வருகிறது என்று புகார் சொல்பவர்களில் பலருக்கு இதுதான் நடக்கிறது. இன்னும் சிலர், இரண்டாவது தடவை வைக்கும்போது ஐடி பட்டனையே மறுபடி அழுத்திவிடுகிறார்கள். அது ஒரு தடவைதான், இரண்டாவது முறை ஸ்டார்ட் மட்டும்.

சரி, தெளிவுக்கு வருவோம், ஏனென்றால் இடம் சரியாக வந்த பிறகு அடுத்து வரப்போகும் கேள்வி, முகம் ஏன் கறுப்பாக வருகிறது என்பதாகத்தான் இருக்கும். காப்பி செட்டிங்கில் மூலத்தின் வகை என்று ஒன்று இருக்கும், Text, Photo, இரண்டும் கலந்தது என்று. Text வைத்தால் எழுத்து கூர்மையாக வரும், கார்டின் பின்னணி டிசைனும் ஓரளவு மறையும், ஆனால் முகம் கறுப்புத் திட்டாகிவிடும். Photo வைத்தால் முகம் நன்றாக வரும், சின்ன எழுத்து புள்ளி புள்ளியாக உடையும். கார்டுக்குக் கலந்ததுதான் சரி. அதை வைத்துக்கொண்டு கருமையை வழக்கத்தைவிட ஒரு படி மட்டும் குறையுங்கள். இரண்டு படி குறைத்தால் வெளிர் நிறத்தில் அச்சான எண்ணும் தேதியும் போய்விடும். ஹாலோகிராம் இருக்கும் இடம் கறுப்புத் திட்டாக வந்தால் அதற்கு செட்டிங் எதுவும் கிடையாது, ஸ்கேனரின் வெளிச்சத்தை அது வேறு பக்கம் சிதறடிக்கிறது, அவ்வளவுதான். அதைப் பார்த்து யாரும் காப்பியைத் திருப்பி அனுப்ப மாட்டார்கள்.

எழுத்து கலங்கலாக, வெயிலில் ஆடுகிற மாதிரி வந்தால் முதலில் கார்டைக் கவரிலிருந்து எடுத்தீர்களா என்று பாருங்கள். வீட்டு மெஷின்களில் பெரும்பாலும் இருப்பது கண்ணாடியை ஒட்டியிருக்கிற பொருளை மட்டும் படிக்கும் வகை சென்சார், அதற்குத் தூரம் என்பதே ஆகாது. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உயர்ந்தாலே மங்க ஆரம்பிக்கும். பிளாஸ்டிக் உறை, வளைந்துபோன லேமினேஷன், கழுத்தில் மாட்டும் ஆபீஸ் கார்டின் கிளிப் எல்லாமே கார்டைத் தூக்கிவிடும். கார்டின் ஒரு முனை மட்டும் தெளிவாக, மறு முனை மங்கலாக இருந்தால் சந்தேகமே வேண்டாம், வளைவுதான் காரணம். மேலே ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்து, அதற்கு மேல் மூடியை மெதுவாக அழுத்திப் பிடித்துக்கொண்டு எடுங்கள். நோட்டின் அட்டை கலராக இருந்தால் இடையில் ஒரு வெள்ளைத் தாள் போடுங்கள், இல்லையென்றால் கார்டைச் சுற்றிச் சாம்பல் படியும். மூடியைத் திறந்துவிட்டு மட்டும் எடுக்காதீர்கள். தாள் முழுக்கக் கறுப்படித்து வரும், டோனர் வீண்.

கார்டைச் சுற்றி ஒரு பக்கம் மட்டும் மெல்லிய நிழல் கோடு வருவது சகஜம். கார்டின் கனம் முக்கால் மில்லிமீட்டர், அந்தப் படியில் விழும் நிழல்தான் அது. எல்லை தெரிவதற்கு அது நல்லதுதான் என்பது என் கருத்து.

உங்கள் மெஷினில் எவ்வளவு தேடியும் ID என்று எதுவுமே இல்லை என்றால், ஒரே தாளை இரண்டு தடவை ஓட்டி எடுக்கலாம். அந்த பட்டன் இல்லாத மெஷினில் இதே வேலையைக் கையால் செய்வதுதான் இது. சாதாரண காப்பி, அளவு 100 சதவீதம், தாள் ஏ4. கார்டைக் கண்ணாடியின் ஒரு பாதியில் வைத்து ஒரு காப்பி எடுங்கள். தாளின் ஒரு பாதியில் முன்பக்கம் வந்திருக்கும், மறு பாதி காலி. இப்போது அதே தாளை மறுபடி டிரேயில் போட்டு, கார்டைத் திருப்பிக் கண்ணாடியின் மறு பாதியில் வைத்து இன்னொரு காப்பி. தாளின் திசை மாறவில்லை, கார்டின் இடம்தான் மாறியிருக்கிறது, அதனால் பின்பக்கம் காலியாக இருக்கும் பாதியில் போய் விழும்.

இதில் எல்லாரும் தடுமாறுவது தாளைத் திரும்ப எப்படிப் போடுவது என்பதில்தான். யோசித்துக் கண்டுபிடிக்க முயலாதீர்கள், சோதித்துப் பார்த்துவிடுங்கள். வெற்றுத் தாள் ஒன்றில், டிரேயில் போடும்போது மேல் பார்க்கும் பக்கத்தில், மெஷினுக்குள் முதலில் போகும் ஓரத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போடுங்கள். அதை வைத்துக் கார்டைக் காப்பி எடுங்கள். குறி இருக்கும் பக்கத்திலேயே படம் வந்தால் உங்கள் மெஷின் மேல் பக்கத்தில் அச்சடிக்கிறது, அதாவது இரண்டாவது தடவையும் படம் மேலே தெரியும்படி போட வேண்டும். குறிக்குப் பின்பக்கம் படம் வந்தால் படம் கீழே பார்க்கும்படி கவிழ்த்துப் போட வேண்டும். குறி இருந்த ஓரம் எதுவோ அதே ஓரம்தான் மறுபடியும் முதலில் உள்ளே போக வேண்டும். ஒரு தடவை தெரிந்துகொண்டால் டிரேயின் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி எழுதி வைத்துவிடுங்கள், அடுத்த தடவை மறந்திருக்கும்.

லேசர் மெஷினிலிருந்து வரும் தாள் சூட்டில் சுருண்டிருக்கும். அப்படியே திரும்பப் போட்டால் சிக்கிக்கொள்ளும், அதனால் சுருளுக்கு எதிர்ப்பக்கமாக ஒரு தடவை வளைத்துவிட்டு, டிரேயில் அந்த ஒரு தாளை மட்டும் வைத்துப் போடுங்கள். மற்ற தாள்களின் மேல் வைத்தால் சேர்த்து இழுக்க வாய்ப்பிருக்கிறது. இங்க் போடுகிற மெஷின் என்றால் சூடு கிடையாது, ஆனால் ஈரம் இருக்கும். சில நிமிடம் காயவிட்டுப் போடுங்கள், இல்லையென்றால் உருளை பட்டு முகம் தேய்ந்து வரும். இரண்டு தடவை ஓட்டும்போது இரண்டு தடவையும் காலி இடத்தில் லேசாகப் புள்ளிகள் படியும், கண்ணாடி அழுக்காக இருந்தால் இன்னும் அதிகம். எனவே முதலில் கண்ணாடியைத் துடைத்துவிடுங்கள், கருமையையும் ஒரு படி குறைத்தே வையுங்கள்.

நாலைந்து காப்பி வேண்டும் என்றால் ஒவ்வொன்றுக்கும் இப்படித் தாளை இரண்டு தடவை ஓட்ட வேண்டாம். முதல் தாள் சரியாக வந்ததும் அதையே கண்ணாடியில் முழு ஏ4 பக்கமாக வைத்துத் தேவையான எண்ணிக்கை எடுத்துக்கொள்ளலாம், தெளிவு கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். ஆதாரில் இருக்கும் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பார்க்கிற இடத்துக்குக் கொடுப்பதாக இருந்தால் மட்டும் இந்தக் காப்பியின் காப்பி வேண்டாம். அந்தச் சின்னக் கட்டங்கள் இரண்டாவது தலைமுறையிலேயே ஒன்றோடொன்று ஒட்டிப்போய், போன் எவ்வளவு பிடித்தாலும் படிக்காமல் போகலாம். அதற்கு ஒவ்வொன்றையும் கார்டிலிருந்தே நேராக எடுங்கள்.